‘எடுத்தாச்சு’ பட்டன்: டாக்பேக்கிலும் 200 சதவீத எழுத்திலும் சோதித்துத் திருத்திய பதிவு

வீட்டுப் பெரியவர்களுக்காக நான் எழுதிய மாத்திரை நினைவூட்டல் செயலியில் உண்மையில் ஒரே ஒரு திரைதான் முக்கியம். இன்றைக்குச் சாப்பிட வேண்டிய மாத்திரைகளின் பட்டியல் அது. ஒவ்வொரு வரியிலும் இடது பக்கம் ஒரு சின்னப் படம், நடுவில் மாத்திரையின் பெயரும் அளவும், கீழே வேளை, வலது ஓரத்தில் ‘எடுத்தாச்சு’ என்று ஒரு பட்டன். மாத்திரையை விழுங்கியதும் பட்டனைத் தட்டினால் வரி பச்சையாகும். இவ்வளவுதான் வேலை. இந்த ஒரு திரையைத் திரைவாசிப்பானிலும் பெரிய எழுத்திலும் ஒழுங்காக ஓட வைக்க என்னென்ன மாற்ற வேண்டியிருந்தது என்பதுதான் இந்தப் பதிவு. செயலி ஆண்ட்ராய்டில், கோட்லின் மொழியில், ஜெட்பேக் கம்போஸ் கொண்டு எழுதியது. ஐபோன் பக்கம் நான் போகவில்லை.

பயன்படுத்துகிறவர்கள் இரண்டு பேர். அத்தைக்கு விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகிவிட்டது. நேராகப் பார்த்தால் மங்கல், ஓரப் பார்வை மட்டும் இருக்கிறது. அதனால் திரையில் இருப்பதைக் குரலில் படிக்கும் ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பானான டாக்பேக்கைப் போட்டிருக்கிறார். பெரியப்பாவுக்குக் கண்ணாடி போட்டால் தெரியும், ஆனால் எழுத்து மிகப் பெரியதாக இருக்க வேண்டும். போதாததற்குக் கை கொஞ்சம் நடுங்கும். ஒருவருக்குக் காது, இன்னொருவருக்குக் கண், ஆகவே இரண்டு தனித்தனிச் சோதனை என்றுதான் நினைத்துத் தொடங்கினேன். அந்தப் பிரிவினை நெடுநேரம் நிற்கவில்லை. ஒரு சோதனையில் தெரியாத குறை இன்னொன்றில்தான் வெளிவந்தது. அதைவிட, ஒருவருக்காகச் செய்த திருத்தம் மற்றவருக்குத் தொல்லையாக முடிந்தது.

முதல் வேலையாக என் போனை அவர்களுடைய போன் மாதிரி மாற்றினேன். செட்டிங்ஸில் எழுத்தளவு ஒன்று, திரையளவு இன்னொன்று என்று இரண்டு இருக்கின்றன. பலரும் முதலாவதை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார்கள். எழுத்தளவு எழுத்தை மட்டும் பெரிதாக்கும். திரையளவு படம், இடைவெளி, பட்டன் எல்லாவற்றையும் பெரிதாக்கும். அப்படியானால் திரையில் கிடைக்கும் இடம் சுருங்கிவிடும். பெரியப்பாவின் போனில் இரண்டுமே கடைசி வரை தள்ளப்பட்டிருந்தன. ஒவ்வொரு முறையும் செட்டிங்ஸுக்குள் போய் வருவதற்குப் பதிலாகக் கணினியிலிருந்தே மாற்றலாம்:

```
adb shell settings put system font_scale 2.0
adb shell wm density 540
```

பழைய நிலைக்குத் திரும்ப:

```
adb shell settings put system font_scale 1.0
adb shell wm density reset
```

540 என்பது என் போனுக்கான எண். திரையின் அகலம் 1080 பிக்சல், இயல்பான அடர்த்தி 420. அகலத்தை 160-ஆல் பெருக்கி அடர்த்தியால் வகுத்தால், ஆண்ட்ராய்டு திரையில் இடத்தை அளக்கும் அலகான டிபி கணக்கில் அகலம் கிடைக்கும். 420-இல் அது சுமார் 411 டிபி. 540-இல் 320 டிபி. அதாவது திரையளவைக் கூட்டியதும் என் பட்டியலுக்கு 91 டிபி இடம் காணாமல் போய்விடுகிறது, எழுத்தைத் தொடுவதற்கு முன்பே.

எழுத்து விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 200 சதவீதம் என்ற உச்சம் ஆண்ட்ராய்டு 14-இல்தான் வந்தது. அதற்கு முன் கூகுளின் பிக்சல் போன்களில் 130 சதவீதம்தான் எல்லை. அதோடு, 200 சதவீதம் என்றால் எல்லா எழுத்தும் இரண்டு மடங்கு ஆவதில்லை. சிறிய எழுத்து முழுதாக வளரும், ஏற்கெனவே பெரிதாக இருக்கும் எழுத்து குறைவாக வளரும். எஸ்பி என்பது எழுத்துக்கான அலகு, பயனர் வைத்த எழுத்தளவோடு சேர்ந்து மாறும். 12 எஸ்பி எழுத்து 24 டிபி ஆகிறது. 14 எஸ்பி 26 ஆகிறது. தலைப்புக்கு வைத்திருந்த 24 எஸ்பி 48 ஆகாமல் 36-இல் நின்றுவிடுகிறது. இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் எழுத்தளவை இரண்டால் பெருக்கி இடம் ஒதுக்கும் குறுக்குவழி எங்காவது வைத்திருந்தால் கணக்கு தப்பும். தலைப்புக்கும் உடல் எழுத்துக்கும் இருந்த வித்தியாசமும் குறைந்துவிடுகிறது. தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி அதைச் சரிக்கட்டினேன்.

இனி பட்டியலின் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். ஆம்லோடிபின் 5 மி.கி. திரையின் இரு ஓரங்களிலும் 16 டிபி, அட்டைக்குள் இரு பக்கமும் 16 டிபி என்று 64 போய்விடும். படத்துக்கு 40, அதற்குப் பின் 12, பட்டனுக்கு முன் 12 என்று இன்னொரு 64. சாதாரண அளவில் பட்டன் 123 டிபி பிடித்தது. 411-இல் இவை எல்லாம் போகப் பெயருக்கு 160 டிபி மிச்சம், பெயரும் அளவும் ஒரே வரியில் அழகாக உட்கார்ந்தன. எழுத்தை 200 சதவீதமாக்கியதும் பட்டன் 187 டிபி ஆகிவிட்டது. கம்போஸின் `Row` முதலில் மற்றவர்களுக்கு வேண்டிய இடத்தைக் கொடுத்துவிட்டு, `weight` வைத்தவருக்கு மீதியைத்தான் கொடுக்கும். பெயருக்கு `weight` வைத்திருந்தேன். மீதி 96 டிபி. திரையளவையும் கூட்டினால் மீதி 5 டிபி. எழுத்துப் பிழை இல்லை, ஐந்தேதான்.

96 டிபியில் திரையில் தெரிந்தது ‘ஆம்…’ என்பது மட்டும். என்ன கேட்டாலும் ஆமாம் போடும் மாத்திரை மாதிரி. சிரிப்பு வந்தாலும் விஷயம் சிரிப்பதற்கில்லை. பெயருக்கு `maxLines = 1` என்றும், இடம் போதாவிட்டால் மூன்று புள்ளி என்றும் எழுதியிருந்தேன். ஆம்லோடிபின் 2.5, 5, 10 மில்லிகிராம் என மூன்று அளவில் கிடைக்கிற மாத்திரை. வெட்டுப்படுவது எப்போதும் வரியின் கடைசிப் பகுதி. அளவு இருப்பது அங்கேதான்.

இதே வரியை டாக்பேக்கில் கேட்டபோது எந்தக் குறையும் இல்லை. ‘ஆம்லோடிபின் 5 மி.கி’ என்று முழுதாகப் படித்தது. திரையில் வெட்டுப்பட்ட எழுத்தும் திரைவாசிப்பானுக்கு முழுதாகவே போய்ச் சேரும். காதால் மட்டும் சோதித்திருந்தால் இந்தக் குறை என் கைக்கு வந்தே இருக்காது.

திருத்த முதலில் செய்தது `maxLines`-ஐ எடுத்துவிட்டதுதான். 320 டிபியில் பெயர் ஓர் எழுத்து ஒரு வரி என்று மேலிருந்து கீழே இறங்கியது. ஆ, ம், லோ, டி என்று அட்டை திரை உயரத்துக்கு நீண்டது. அடுத்து, இடத்துக்குத் தக்கபடி எழுத்தைத் தானாகச் சுருக்கும் வழியைப் பார்த்தேன். வரி ஒழுங்காகத் தெரிந்தது, ஆனால் பெரிய எழுத்து வேண்டும் என்று கேட்டவரிடம் சின்ன எழுத்தைத் திருப்பிக் கொடுப்பதுதானே அது? அதையும் விட்டேன்.

கடைசியில் பட்டனை வலது ஓரத்திலிருந்து எடுத்துப் பெயருக்குக் கீழே, அட்டையின் முழு அகலத்துக்கும் வைத்தேன். எழுத்து பெரிதாக இருந்தால் மட்டும் இந்த அமைப்பு, இல்லாவிட்டால் பழையது என்று இரண்டு வைத்துக்கொள்ளலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு எல்லா அளவுக்கும் ஒரே அமைப்பு போதும் என்று பட்டது. இரண்டு இருந்தால் இரண்டையும் சோதிக்க வேண்டும். அதோடு, வேறு யாராவது அவர்கள் போனை வாங்கி எழுத்தளவை மாற்றிவிட்டால் பட்டன் இடம் மாறிவிடும். சாதாரண எழுத்தில் முன்பைவிடக் குறைவான மாத்திரைகள்தான் ஒரு திரையில் தெரிகின்றன. அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

இப்போது 320 டிபியிலும் பெயருக்கு 204 டிபி கிடைக்கிறது. அளவைத் தனி வரியாக்கினேன். எண்ணும் ‘மி.கி’யும் பிரிந்து வேறு வேறு வரிக்குப் போய்விடாமல் இரண்டுக்கும் நடுவே `\u00A0` என்ற உடையாத இடைவெளி வைத்தேன். பட்டனுக்கு `height(40.dp)` என்று கொடுத்திருந்ததை `heightIn(min = 48.dp)` ஆக்கினேன். உயரத்தைக் கட்டிப்போட்டால் தமிழ் எழுத்தில் முதலில் அடிபடுவது கீழே சுழியும் உகரம்தான். ‘எடுத்தாச்சு’வில் டு, சு இரண்டின் அடிப்பாகமும் நறுக்கென்று வெட்டுப்பட்டிருந்தது. ஆங்கில எழுத்தை வைத்து மட்டும் பார்ப்பவர்களுக்கு இது கண்ணில் படுவது கஷ்டம். 48 டிபி என்பது தொடுவதற்கான குறைந்தபட்ச அளவாக ஆண்ட்ராய்டு சொல்வது, கையில் சுமார் 9 மில்லிமீட்டர். அகலமும் தாராளமாகிவிட்டதால் நடுங்கும் விரலுக்கும் போதுமானதாக இருந்தது.

அடுத்தது டாக்பேக். இரண்டு ஒலி விசைகளையும் சேர்த்துச் சில நொடி அழுத்திப் பிடித்தால் அது இயங்கவும் நிற்கவும் ஒரு குறுக்குவழி உண்டு. சோதனை தொடங்குமுன் அதை இயக்கிவைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பழக்கமில்லாதவர் வெளியே வரத் திண்டாட வேண்டியிருக்கும். வலப்பக்கம் தேய்த்தால் அடுத்த உருப்படி, இடப்பக்கம் தேய்த்தால் முந்தையது, இருமுறை தட்டினால் அதைச் செய். சோதிக்க இது போதும்.

இன்னும் இரண்டு வசதிகள் எனக்குப் பெரிதும் உதவின. டாக்பேக்கின் மேம்பட்ட அமைப்புகளுக்குள் டெவலப்பர் பகுதியில், அது பேசுவதை எழுத்தாகவும் திரையின் அடியில் காட்டச் சொல்லலாம். காதில் விழுந்ததை அப்படியே குறித்துக்கொள்ள இது இல்லாமல் முடியாது. இன்னொன்று திரையை மறைக்கும் வசதி. டாக்பேக் மெனுவிலேயே இருக்கிறது, போட்டால் திரை முழுதும் கறுப்பாகிவிடும். கண்ணை மூடிக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் பார்ப்பது எல்லோருக்கும் உள்ள வழக்கம். கறுப்புத் திரையில் அது நடக்காது.

அத்தையின் போனில் குரல் தமிழில் இருந்தது. என் போனில் ஆங்கிலக் குரல். எனவே உரையொலி அமைப்பில் தமிழ்க் குரலைத் தரவிறக்கி அவருடையது போலவே வைத்துக்கொண்டேன். வேறு குரலில் சோதிப்பது வேறு செயலியைச் சோதிப்பது மாதிரிதான்.

பட்டியலைத் தேய்த்துக்கொண்டே போனபோது கேட்டது இது: படம் என்று ஒன்று, ஆம்லோடிபின், 5 மி.கி, வேளை, அப்புறம் ‘எடுத்தாச்சு, பட்டன்’. மறுபடி படம், பெயர், அளவு, வேளை, ‘எடுத்தாச்சு, பட்டன்’. ஒரு மாத்திரைக்கு ஐந்து நிறுத்தம். வரிசையாகக் கேட்டால் சலிப்புத் தட்டுமே தவிரப் புரியாமல் போகாது என்று எனக்குப் பட்டது. அத்தையிடம் போனைக் கொடுத்தபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது.

அவர் தேய்க்கவே இல்லை. விரலைத் திரையில் வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டு போனார். விரல் எதன் மேல் படுகிறதோ அதை டாக்பேக் படிக்கும். முன்பு கண் தெரிந்த காலத்தில் போன் பழகியவர், ஓரப் பார்வையும் இருக்கிறது, எனவே எது எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் அவருக்கு வழி. விரல் வழக்கமாகத் திரையின் கீழ்ப் பாதியில் வலது பக்கம் இறங்கியது. முழு அகலப் பட்டன்கள் வேறு வைத்துவிட்டேனா, விரல் போகும் பாதையில் பட்டனாகவே அகப்பட்டது.

“ஏன்டா, எல்லாத்தையும் எடுத்தாச்சு எடுத்தாச்சுன்னு சொல்லுதே, நான் இன்னும் ஒண்ணு கூடப் போடலையே?” என்றார்.

பட்டனின் பெயரை அவர் நிலவரமாக எடுத்துக்கொண்டார். கண்ணால் பார்ப்பவருக்கு அது பட்டன் என்பது வடிவத்திலேயே தெரியும், பச்சை நிறம் இல்லை என்பதால் இன்னும் எடுக்கவில்லை என்பதும் தெரியும். காதுக்கு அந்த இரண்டு துப்பும் கிடையாது. ‘பட்டன்’ என்று டாக்பேக் கடைசியில் சேர்த்துச் சொல்வதற்குள் விரல் நகர்ந்துவிடுகிறது. அதற்குமேல் எந்த மாத்திரையை எடுத்தாச்சு என்ற கேள்வியும் இருக்கிறது. மாத்திரை விஷயத்தில் இது வெறும் அசௌகரியம் இல்லை. ஏற்கெனவே எடுத்துவிட்டோம் என்று நினைத்து ஒரு வேளையை விட்டுவிடலாம்.

கூகுளின் `Accessibility Scanner` செயலியை ஓட்டிப் பார்த்தேன். ஒரே பெயரில் பல பட்டன்கள் இருக்கின்றன என்று சரியாகவே சுட்டிக்காட்டியது. அதன் சொல்லை அப்படியே ஏற்று ஒவ்வொரு பட்டனுக்கும் ‘ஆம்லோடிபின் 5 மி.கி எடுத்தாச்சு’ என்று `contentDescription` கொடுத்தேன். ஸ்கேனர் வாயை மூடிக்கொண்டது. ஆனால் காதில் பெயர் இரண்டு முறை விழுந்தது, குழப்பமோ கூடிவிட்டது. முன்பு ‘எடுத்தாச்சு’ என்று பொதுவாகச் சொன்னது, இப்போது இன்ன மாத்திரையை எடுத்தாச்சு என்று அடித்துச் சொல்லியது. ஸ்கேனரால் இரண்டு பெயர்கள் வேறுபடுகின்றனவா என்று பார்க்க முடியும். அந்தப் பெயர் பொய் சொல்கிறதா என்று பார்க்க முடியாது.

அடுத்ததாக அட்டை முழுவதையும் ஒரே உருப்படியாக்கி `toggleable` கொடுத்தேன். இது எல்லோரும் பரிந்துரைக்கும் வழி. விரல் அட்டையின் எந்த மூலையில் பட்டாலும் நிலவரம், பெயர், அளவு, வேளை எல்லாம் ஒரே மூச்சில் வரும். இருமுறை தட்டினால் குறிக்கப்படும். அத்தைக்கு உடனே பிடித்துவிட்டது.

பெரியப்பாவின் போனில் ஏற்றியபோது வேறு கதை. அவர் டாக்பேக் போடாதவர், பட்டியலைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்ப்பவர். கை நடுக்கத்தில் தள்ளல் சில சமயம் தட்டலாகிவிடும். முன்பு பட்டன் மேல் பட்டால்தான் வரி மாறும். இப்போது அட்டையே முழுப் பட்டன். திரையில் கை வைக்க வெற்றிடமே இல்லை. அவர் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே இரவு மாத்திரை ஒன்று பச்சையாகிவிட்டது. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை.

தேவை என்னவென்று அப்போது தெளிவாயிற்று. டாக்பேக்குக்கு அட்டை முழுதும் ஒரே உருப்படியாக இருக்க வேண்டும். நேரடி விரலுக்குப் பட்டன் மட்டுமே வேலை செய்ய வேண்டும். கம்போஸில் இரண்டையும் பிரித்துவைக்க முடியும். தொடுதல் ஒரு வழியாகப் போகிறது, டாக்பேக்கின் இருமுறைத் தட்டல் இன்னொரு வழியாக, செமான்டிக்ஸ் என்ற அடுக்கின் மூலம் வருகிறது. பட்டனின் `onClick` அப்படியே இருக்கட்டும். அட்டைக்கு மட்டும் இதைச் சேர்த்தேன்:

```kotlin
Modifier.clearAndSetSemantics {
    contentDescription = spokenText
    stateDescription =
        if (taken) "எடுத்தாகிவிட்டது" else "இன்னும் எடுக்கவில்லை"
    role = Role.Button
    onClick(label = if (taken) "குறியை நீக்க" else "எடுத்ததாகக் குறிக்க") {
        toggle()
        true
    }
}
```

`clearAndSetSemantics` அட்டைக்குள் இருக்கும் படம், எழுத்து, பட்டன் எல்லாவற்றையும் டாக்பேக்கின் பார்வையிலிருந்து எடுத்துவிட்டு, இங்கே எழுதியதை மட்டும் வைக்கும். சலுகையும் இதுதான், ஆபத்தும் இதுதான். நாளைக்கு அட்டைக்குள் ‘சாப்பாட்டுக்குப் பின்’ என்று ஒரு வரி சேர்த்து, அதை `spokenText`-இல் சேர்க்காவிட்டால், கண்ணுக்கு இருக்கும், காதுக்கு இருக்காது. எந்தக் கருவியும் அதை எச்சரிக்காது. அதனால் இரண்டுக்குமான எழுத்தை ஒரே ஃபங்ஷனில் அடுத்தடுத்து எழுதிவைத்தேன், ஒன்றைத் தொடுகிறவர் மற்றதையும் பார்க்கும்படி.

டாக்பேக் இயல்பாக நிலவரத்தை முதலில் சொல்லும், அடுத்துப் பெயர், கடைசியில் வகை. ‘இன்னும் எடுக்கவில்லை, ஆம்லோடிபின், 5 மில்லிகிராம், காலை 8 மணி, பட்டன்’ என்று வந்தது. சற்று நின்று, இருமுறை தட்டினால் என்ன ஆகும் என்பதையும் `label`-இல் கொடுத்ததை வைத்துச் சொன்னது. தட்டியதும் ‘எடுத்தாகிவிட்டது’ என்று மாறிய நிலவரத்தை மட்டும் சொன்னது. வேறு அறிவிப்பு எதுவும் நான் தனியாக எழுத வேண்டியிருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் பட்டனிலும் எழுத்தை மாற்றிவிட்டேன். இப்போது அதில் ‘எடுத்ததைக் குறி’ என்று இருக்கிறது. தட்டிய பிறகு பட்டன் போய் ‘எடுத்தாகிவிட்டது’ என்ற எழுத்தும், பக்கத்தில் ‘நீக்கு’ என்பதும் வரும். சொல் நீண்டுவிட்டதால் 320 டிபியில் பட்டனின் எழுத்து இரண்டு வரியாகிறது. உயரத்தை முன்பே அவிழ்த்துவிட்டதால் பாதகமில்லை.

பழைய ‘நீக்கு’ திரையின் அடியில் ஐந்து நொடி வந்து மறையும் பட்டையாக இருந்தது. டாக்பேக்கில் அந்தப் பட்டை வந்திருக்கிறது என்று கேட்டு, விரலைத் தேடி இறக்குவதற்குள் ஐந்து நொடி முடிந்துவிடும். நேரத்தை நீட்டிக்க ஆண்ட்ராய்டில் வழி இருக்கிறது. பயனர் செட்டிங்ஸில் கூடுதல் நேரம் கேட்டிருந்தால் `calculateRecommendedTimeoutMillis` அதைத் தரும். ஆனால் அந்த அமைப்பை யாரும் போய்ப் போட்டிருக்க வேண்டுமே. மறையும் பட்டையையே எடுத்துவிட்டு ‘நீக்கு’வை அட்டைக்குள் நிரந்தரமாக வைத்தது எளிதாக முடிந்தது.

பேச்சுக்கான எழுத்தில் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. திரையில் ‘மி.கி’ என்பது எல்லோருக்கும் புரியும். குரலில் அது இரண்டு துண்டாக, நடுவில் ஒரு நிறுத்தத்தோடு வந்தது. 1/2 என்பதும், மருந்துச் சீட்டுப் பாணியில் 1-0-1 என்று போட்டிருந்ததும் கேட்கச் சகிக்கவில்லை. திரையில் சுருக்கத்தை வைத்துக்கொண்டு `spokenText`-இல் ‘மில்லிகிராம்’, ‘அரை மாத்திரை’, ‘காலையும் இரவும் ஒன்று’ என்று விரித்து எழுதினேன். இதைக் காதால் கேட்டுத்தான் சரிபார்க்க முடியும், அதுவும் அவர் வைத்திருக்கும் குரலில், அவர் வைத்திருக்கும் வேகத்தில். 2.5 என்பதில் புள்ளி விழுங்கப்பட்டு இருபத்தைந்தாகக் கேட்டுவிடக் கூடாது என்று அதற்கு மட்டும் ‘இரண்டரை மில்லிகிராம்’ என்று எழுத்தாலேயே எழுதிவிட்டேன்.

இன்னொரு வேலை, எடுத்த மாத்திரையைப் பட்டியலின் அடிக்கு அனுப்பும் ஏற்பாட்டை நீக்கியது. முன்பு மிச்சமிருப்பவை மேலே நிற்கட்டும் என்று அப்படி வைத்திருந்தேன், பார்க்கவும் நன்றாக இருந்தது. அத்தை தட்டியதும் அவர் விரலுக்கடியில் இருந்த அட்டை போய் வேறு மாத்திரை வந்து நின்றது. சரியாகத் தட்டினோமா என்ற சந்தேகத்தில் மறுபடி தட்டினால் அடுத்த மாத்திரையும் குறிக்கப்படும். இடத்தை நினைவில் வைத்துப் பயன்படுத்துகிறவருக்குத் தானாக நகரும் பட்டியல் ஒத்துவராது. இப்போது வேளை வரிசை மட்டும்தான், எடுத்ததும் அங்கேயே பச்சையாகி நிற்கும்.

கீழே இருந்த மூன்று தாவல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 200 சதவீதத்தில் மூன்றின் பெயரும் ஒன்றையொன்று இடித்தன. ஒன்றை யாரும் தொட்டதே இல்லை என்பதால் அதை எடுத்துவிட்டேன்.

செலவு என்று பார்த்தால் பணமாக எதுவும் இல்லை. எல்லாக் கருவியும் இலவசம், ஒரு போனும் கேபிளும் போதும். நேரம் போனதெல்லாம் எழுத்தளவையும் திரையளவையும் மாற்றி மாற்றிச் செயலியைத் திரும்ப ஏற்றுவதில்தான். அடுத்த முறை இதை ஆரம்பத்திலேயே முன்னோட்டத்தில் வைத்துக்கொள்வேன். ஒவ்வொரு திரைக்கும் மேலே இந்த வரியைப் போட்டால், குறியீடு எழுதும்போதே மிக மோசமான நிலை பக்கத்தில் தெரிந்துகொண்டிருக்கும்:

```kotlin
@Preview(widthDp = 320, fontScale = 2f, locale = "ta")
```

‘ஆம்…’ என்ற வெட்டு இதில் முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும். உதாரணத் தரவில் ஆகச் சின்னப் பெயரைப் போடாமல், உங்களிடம் இருப்பதிலேயே நீளமான பெயரைப் போடுங்கள். நான் மெட்ஃபார்மின் 500-ஐ வைத்துக்கொண்டேன். டாக்பேக்குக்கு முன்னோட்டம் எதுவும் இல்லை, கையில் போன் வேண்டும். ஆனால் அட்டையின் நிலவரம் சரியாக மாறுகிறதா என்பதை மட்டும் கம்போஸ் சோதனையில் எழுதிவைத்திருக்கிறேன். யாராவது அட்டையை மாற்றி எழுதினால் முதலில் உடைவது அதுதான்.

வரிசையையும் மாற்றுவேன். எழுத்தை முழுதாக முடித்துவிட்டு டாக்பேக்குக்குப் போனதால், முழு அகலப் பட்டன் அத்தையின் விரல் பாதையை அடைத்ததும், அட்டை முழுதும் தட்டலுக்கு ஆளானதும் தாமதமாகத் தெரிந்தன. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரண்டையும் பார்க்க வேண்டும். மூன்றாவதாக இரண்டையும் சேர்த்துப் போட்டும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அத்தையின் போனில் டாக்பேக்கோடு எழுத்தும் பெரிதாகத்தான் இருக்கிறது. ஓரப் பார்வைக்கு அந்தப் பச்சை நிறமும் பெரிய எழுத்தின் உருவமும் உதவுகின்றன. டாக்பேக் போட்டவர் திரையைப் பார்ப்பதே இல்லை என்று எடுத்துக்கொண்டால் இது விட்டுப்போகும்.

இன்னும் முடியாதது நினைவூட்டல் அறிவிப்பு. 200 சதவீதத்தில் சுருங்கிய அறிவிப்பில் மாத்திரைப் பெயருக்கு ஒரே வரிதான் இடம், அளவு அங்கேயும் வெட்டுப்படுகிறது. அறிவிப்பின் அமைப்பு பெரும்பாலும் போனின் கையில் இருப்பதால் அட்டையில் செய்த எதையும் அங்கே செய்ய முடியவில்லை. இப்போதைக்குத் தலைப்பில் அளவை முன்னால் போட்டு ‘5 மி.கி ஆம்லோடிபின்’ என்று திருப்பிவைத்திருக்கிறேன். வெட்டினாலும் பெயரின் வால்தான் போகும். அறிவிப்பிலிருந்தே குறிக்கும் பட்டனை வேண்டுமென்றே வைக்கவில்லை. தட்டினால் செயலி திறந்து அந்த அட்டைக்குக் கொண்டுபோகும், குறிப்பது அங்கே மட்டும்தான்.